ஏழாம் பதிவேட்டின் எட்டுகள்

ஆய்விதழிலிருந்து வந்த கடிதத்தில் புகார் எதுவும் இல்லை. பாராட்டுதான் இருந்தது. முப்பத்தோராயிரம் படைவீரர்களின் ஆள்சேர்ப்புப் பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்து ஒப்பிட்டிருக்கிறீர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களில் மட்டுமே வேறுபாடு, இவ்வளவு துல்லியத்தை நாங்கள் இதுவரை பார்த்ததில்லை என்று எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வேண்டுகோள். ஏதாவது இருபது பக்கங்களை மூலப் பதிவேட்டோடு மறுபடி ஒப்பிட்டு முடிவை அனுப்ப முடியுமா?

அவளுக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. ஆறு வருடமாக அந்த ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறையில், ஜன்னலோரத்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்து அந்தப் பதிவேடுகளைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொரு பதிவேடுகள். ஒவ்வொன்றும் ஒரு கைக்குழந்தையின் எடை இருக்கும். பக்கத்துக்கு முப்பது ஆட்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: சேர்ந்த தேதி, வயது, பிறந்த ஊர், செய்த தொழில், அடி அங்குலத்தில் உயரம், கண்ணின் நிறம், உடம்பில் அடையாளம் காட்டும் தழும்பு. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிவைத்தது. ஒரு நாட்டு மக்கள் சிறுவயதில் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு நோய்ப்பட்டார்கள், எவ்வளவு சீக்கிரம் வேலைக்கு அனுப்பப்பட்டார்கள் என்பதெல்லாம் அந்த உயரத்தில் இருக்கிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை. உயரத்தை எழுதிவைத்தார்கள்.

இருபது பக்கங்களை அவள் குலுக்கல் முறையில் எடுத்தாள். பதினான்காவது பக்கம் மூன்றாம் பதிவேட்டில் வந்தது. ஒன்பதாவது வரிக்கு வந்தபோது அவளுடைய விரல் நின்றது.

பதிவேட்டில் அந்த ஆள் தச்சன், வயது இருபத்தாறு, ஐந்தடி ஐந்து. அவளுடைய கோப்பில் ஐந்தடி ஏழு. அடுத்த ஆளின் வரியைப் பார்த்தாள். பதிவேட்டில் அவன்தான் ஐந்தடி ஏழு. அவளுடைய கோப்பில் அவனுக்கு அவனுக்கும் அடுத்த ஆளின் உயரம். அப்படியே பக்கத்தின் கடைசி வரை, ஒவ்வொருவரும் தனக்கு அடுத்தவனின் உயரத்தைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். முப்பதாவது ஆளுக்குப் போட உயரம் மிச்சமில்லை. அவள் அங்கே 'படிக்க இயலவில்லை' என்று குறியிட்டிருந்தாள். பதிவேட்டில் அவனுடைய உயரம் அச்சடித்தது போல் தெளிவாக இருந்தது.

வரிக்குக் கீழே வைக்கிற அளவுகோல் ஒரு வரி நழுவியிருக்கிறது. கோப்பில் தேதி பார்த்தாள். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த நாள். வெட்கமாக இருந்தது. ஆனால் பயமில்லை. இப்படிப்பட்ட தவறுகளுக்காகத்தானே இரண்டாவது ஆள். ஒருவர் நழுவினால் இன்னொருவர் பிடித்துவிடுவார். இரண்டு பேருக்கும் ஒரே தவறு வராது என்பதுதான் அந்த ஏற்பாட்டின் அடிப்படையே.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பிடித்திருந்தால் ஒப்பீட்டுப் பட்டியலில் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். வரவே இல்லை.

இரண்டாவது கோப்பைத் திறந்தாள். மூன்றாம் பதிவேடு, அதே பக்கம், ஒன்பதாவது வரி. ஐந்தடி ஏழு. இருபத்திரண்டு வரிகளும் நழுவியிருந்தன. முப்பதாவது ஆளுக்கு நேரே 'படிக்க இயலவில்லை'.

பக்கத்து மேசையில் கிழிந்த பதிவேடுகளைத் தைத்துக்கொண்டிருந்த பைண்டர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "என்ன, உள்ளே பல்லி கில்லி செத்துக் கெடக்கா? முகம் இப்படி ஆயிடுச்சு."

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு யாரும் அளவுகோலை இப்படி இறுக்கிப் பிடிக்க மாட்டாங்க. ஒடிச்சுடாதே, காப்பகச் சொத்து."

இரண்டாவது கோப்பைத் தட்டச்சு செய்தவன் அவளுடைய கொழுந்தன். விரல்கள் பறக்கிற வேகத்தைப் பார்த்து வீட்டில் அவனுக்கு 'மின்னல்' என்று பெயர். வேலையில்லாமல் இருந்தவனை, இந்த ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் அழைத்துப்போய், "நம்பி விடலாம் சார், எங்க வீட்டுப் பிள்ளை" என்று சொன்னவள் அவள்தான். அவன் காப்பகத்துக்கு வர வேண்டியதில்லை. எல்லாப் பக்கங்களின் புகைப்படங்களையும் குறுந்தகட்டில் பதிந்து கொடுத்திருந்தார்கள். வீட்டிலிருந்தே பார்த்து அடித்தால் போதும். ஒரே ஒரு விதிதான். முதல் ஆளின் கோப்பை இரண்டாவது ஆள் பார்க்கவே கூடாது.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனாள். அவன் கதவைத் திறந்து, "வாங்க அண்ணி! என்ன, சொல்லாம கொள்ளாம? அண்ணன் வரலியா?" என்றான்.

"மூணாம் பதிவேட்டை நீ பாத்து அடிச்சியா?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. "ஏன், ஏதாவது தப்பா?"

"பாத்து அடிச்சியா, இல்லையா?"

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. அவனும் நின்றுகொண்டே கழுத்தைத் தேய்த்தான். "மொதப் பதிவேடு பாத்துத்தான் அடிச்சேன் அண்ணி. சத்தியமா. தொண்ணூறு பக்கத்துக்கு மேல. கண்ணு பிதுங்கிடுச்சு. அந்த எழுத்தெல்லாம் கோழி கிண்டின மாதிரி இருக்கு. அப்புறம்..."

"அப்புறம்?"

"நீங்க அடிச்சதைப் பாத்தேன். நான் அடிச்சதும் அதுவும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. பெறகு எதுக்கு ரெண்டு தடவைன்னு..."

"மீதிப் பத்து பதிவேடு?"

"அண்ணி, உங்களவிட நான் சரியாப் படிச்சிடுவேனா? நீங்க போட்டதைத்தானே போட்டேன்? தப்பா ஒண்ணும் போடலையே!"

அந்த வாதத்தில் அவனுக்கு உண்மையிலேயே நம்பிக்கை இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. அவளுக்கு மரியாதை செய்ததாகவே அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்த இருநூத்திப் பன்னிரண்டு வேறுபாடு எங்கேர்ந்து வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "முழுக்க ஒண்ணா இருந்தா சந்தேகப்படுவாங்கன்னு அங்கங்க ஒண்ணு ரெண்டு மாத்தினேன். கண்ணை மூடிக்கிட்டு. அதுல பெரிய தப்பு வரக்கூடாதுன்னு ஒரு அங்குலம், அரை அங்குலம்தான் மாத்தினேன்."

அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டையும் அவள் ஒவ்வொன்றாகப் போய்ச் சரிபார்த்திருந்தாள். நான்கு மாதம். மழையில் நனைந்து போன நாட்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் பதிவேட்டைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, யார் சொன்னது சரி என்று முடிவு செய்வாள். ஒவ்வொரு முறையும் அவளே சரியாக இருந்தாள். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. அதை வீட்டில் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவள் கணவன் அதற்காகவே அவளுக்குக் கழுகுக்கண் என்று பெயர் வைத்திருந்தான். "கழுகுக்கண் வந்தாச்சு, எல்லாரும் ஒழுங்கா நில்லுங்க" என்பான். கொழுந்தனும் கூடச் சிரித்திருக்கிறான்.

"என் கோப்பு உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டாள்.

அவன் மேசைமேல் கிடந்த குறுந்தகட்டை எடுத்து உறைக்குள் போட்டான்.

"நான் யாருக்கும் அனுப்பினதில்ல. காப்பகத்துல ஒரு பிரதி, எங்க வீட்டுக் கம்ப்யூட்டர்ல ஒரு பிரதி. அவ்வளவுதான்."

"அண்ணி, விடுங்க. நான்தான் பண்ணினேன். எல்லாத்துக்கும் நானே பொறுப்பு."

"வீட்டுக்கு வந்து எடுத்தியா?"

"இல்ல."

அந்த 'இல்ல' போதுமானதாக இருந்தது. வீட்டில் அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிற இன்னொரு ஆள் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்தபோது கணவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தான். தம்பி தொலைபேசியில் சொல்லிவிட்டான் என்பது அவன் நிமிராததிலேயே தெரிந்தது.

"என் கோப்பை வாரா வாரம் குடுத்தியா?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை. நீ பதிஞ்சு வச்சதும்." ஊசியைக் கவனமாகத் துணியில் குத்தி வைத்தான். "அவன் கெஞ்சினான். இந்த வேலையும் போச்சுன்னா அவனுக்கு என்ன இருக்கு? நீ ஒரு தடவை அடிச்சது, அதையே இன்னொருத்தன் அடிக்கிறான். இதுல யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்."

"ரெண்டு வருஷம் நினைச்சியா?"

"உன்கிட்ட சொன்னா நீ விடமாட்டே."

"அதான் சொல்லல."

"ஆமா, அதான் சொல்லல." அவன் குரல் உயர்ந்தது. "ஆயிரம் வருஷத்துக்கு முந்தி செத்தவன் அஞ்சடியா அஞ்சரை அடியான்னு..."

"நூத்தைம்பது வருஷம்."

"சரி, நூத்தைம்பது. அவனுக்காக உயிரோட இருக்கிற தம்பிய நான் தெருவுல நிறுத்தணுமா?"

கழுகுக்கண் என்று பெயர் வைத்தவன் இவன் என்பதை நினைத்துக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து வந்த நாட்களில் துண்டு எடுத்துக் கொடுத்தவனும் இவன்தான். ஒவ்வொரு முறையும், "இன்னிக்கும் நீதானே ஜெயிச்சே?" என்று கேட்பான். அவள் ஆமாம் என்பாள்.

பேராசிரியரிடம் மறுநாளே சொன்னாள். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்த மனிதர். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வரி நழுவினதால சராசரி மாறுமா?"

"மாறாது சார். அதே உயரங்கள்தான், ஆள் மாறி நிக்குது. ஒருத்தனுடையது விட்டுப்போச்சு."

"அப்போ திருத்திடுங்க. முடிவு நிக்குதில்ல?"

முடிவு என்று அவர் சொன்னது ஒரு மேட்டை. பிறந்த ஆண்டு வாரியாகச் சராசரி உயரத்தை வரைந்தால் நூற்றாண்டு முழுக்கக் கோடு ஏறத்தாழச் சமமாகப் போகும். ஒரே ஒரு பத்தாண்டில் மட்டும் முக்கால் அங்குலம் மேடு. அந்தப் பதிவேடுகள் எழுதிய காலத்தில் நடந்த போருக்கு முப்பது வருடம் முன்னால் பிறந்தவர்கள். அந்தப் பத்தாண்டில் விளைச்சல் நன்றாக இருந்தது என்றும், அதனால் அந்தப் பிள்ளைகள் வயிறார உண்டு வளர்ந்தார்கள் என்றும் பேராசிரியர் எழுதினார். அதைக் கண்டுபிடித்தவள் என்று அவளுடைய பெயரை முதலில் போட்டார். அந்த ஒரு கட்டுரையால்தான் அவளுக்கு நிரந்தர வேலை உறுதியாவதாக இருந்தது.

"நிக்குதான்னு தெரியல சார்," என்றாள். "இதுவரைக்கும் ரெண்டு பேர் படிச்சதா நெனச்சிட்டிருந்தோம். நான் ஒருத்திதான் படிச்சிருக்கேன்."

"உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

"எனக்கும் இருந்துச்சு சார்."

பேராசிரியர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "ஒரு வாரம் எடுத்துக்கங்க."

காப்பகத்துக்குத் திரும்பி, தன்னுடைய பழைய குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தான் எந்தெந்த இடத்தில் பார்த்ததை எழுதாமல் நினைத்ததை எழுதினோம் என்று தேடினாள். ஏழாம் பதிவேட்டுக்கான குறிப்பு நான்கே வரி. அந்தப் பதிவேட்டை எழுதிய எழுத்தருக்கு அவள் சுருட்டை என்று பெயர் வைத்திருந்தாள். எல்லா எழுத்தையும் சுருட்டி முடிப்பார். குறிப்பு இப்படி இருந்தது: 'சுருட்டையின் 3-உம் 8-உம் ஒரே மாதிரி. உயரத்தில் வருவதெல்லாம் 8. ஐந்தடி மூன்று இருக்க முடியாது. குறைந்தபட்ச உயரம் ஐந்தடி நான்கு.'

படை எல்லாரையும் சேர்ப்பதில்லை. ஓர் உயரத்துக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பிவிடும். அதனால் பதிவேட்டில் குள்ளமானவர்கள் இருக்க மாட்டார்கள். பதிவேட்டின் சராசரியை அப்படியே ஊரின் சராசரி என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கற்கிற பாடம் இது. அந்தப் பாடம் தெரிந்ததால்தான் அவள் எட்டு என்று படித்தாள். தெரியாத ஒருவன் கண்ணால் கண்டதை அடித்திருப்பான். ஒப்பீட்டில் நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் வரிசையாக வந்து நின்றிருக்கும். இரண்டாவது ஆளிடம் குறைந்தபட்ச உயரத்தைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று பேராசிரியர் வற்புறுத்தியதே அதற்காகத்தான்.

ஐந்தடி எட்டில் ஆட்கள் அதிகமாகக் குவிந்திருந்ததை அவள் அப்போதே கவனித்தாள். எழுத்தர்களுக்கு இரட்டைப்படை அங்குலங்களில் ஒரு பிரியம் உண்டு, அளவை முழு எண்ணாக்கும்போது அந்தப் பக்கம் சாய்வார்கள். அப்படித்தான் இதுவும் என்று அடிக்குறிப்பு எழுதி நகர்ந்துவிட்டாள்.

ஐந்தடி நான்கு என்பது அச்சிட்ட விதிநூலில் இருந்தது. போர்க் காலத்தில் ஆள்சேர்ப்பு முகாம்களுக்குப் போன கடிதக் கட்டுகளை அவள் அதுவரை பார்க்கவில்லை. வேறு அலமாரி, வேறு வரிசை எண். இரண்டு நாள் தேடினாள். போரின் இரண்டாம் ஆண்டில், ஏழாம் பதிவேடு தொடங்குகிற சமயத்தில், எழுதிய ஒரு தாள் கிடைத்தது. ஆட்கள் போதவில்லை, போர் முடியும்வரை ஐந்தடி மூன்று உள்ளவர்களையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இதை வெளியே அறிவிக்க வேண்டாம்.

அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். பிறகு ஏழாம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு பைண்டர் அம்மாளிடம் போனாள்.

"அக்கா, ஒரு மணி நேரம் இருக்குமா?"

"இருக்கு. ஆனா எனக்குப் படை கிடை ஒண்ணும் தெரியாது."

"தெரியாதவங்கதான் வேணும்."

ஒரு அட்டையில் விரல்நுனி அளவுக்குத் துளை வெட்டினாள். அதை உயரப் பத்தியில் வைத்தால் அங்குல எண் மட்டும்தான் தெரியும். ஆனால் முதலில் தேதிப் பத்திக்குப் போனாள். எண்பத்தொன்றாம் தேதி என்று ஒன்று கிடையாது, அதனால் முப்பத்தொன்றாம் தேதியில் உள்ளது நிச்சயமாக மூன்று. பதிவுகள் தேதி வரிசையில் இருந்ததால், பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவில் வருவது நிச்சயமாக எட்டு, அப்படி உறுதியாகாததை விட்டுவிட்டாள். இரண்டுக்கும் பத்துப் பத்து காட்டினாள்.

"சுருட்டல் மேல மூடுது, ஆனா இது வயித்துல கோடு சேரல," என்றாள் பைண்டர் அம்மாள், முப்பத்தொன்றைக் காட்டி. "எட்டுல கோடு நடுவுல குறுக்கே போகுது பாரு. நாலு நாள் பழகினா மாடு கன்னு கூடச் சொல்லிடும். உனக்கு இது தெரியலையா?"

அவள் துளையை உயரப் பத்திக்கு நகர்த்தினாள்.

"சொல்லுங்க."

"மூணு."

"அடுத்தது."

"மூணு. இது எட்டு. மூணு. மூணு. இது என்ன, மை கொட்டியிருக்கு, விடு. மூணு."

சந்தேகமான எண்கள் ஆயிரத்து நூற்று நாற்பது. அவற்றில் இருநூறை எடுத்துக் காட்டினாள். பைண்டர் அம்மாள் சொல்லச் சொல்ல அவள் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். நூற்று முப்பத்தொன்று மூன்று. அறுபத்தொன்பது எட்டு. எந்த எண் வந்தால் அவளுக்கு நல்லது என்று அந்த அம்மாளுக்குத் தெரியாது. முதல் பதிவேட்டை விட்டால், ஆறு வருடத்தில் அவளுடைய வேலையை இன்னொரு ஜோடிக் கண் பார்த்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

"என்ன, சந்தோஷமா?" என்று கேட்டாள் பைண்டர் அம்மாள், கண்ணைக் கசக்கிக்கொண்டே.

"ரொம்ப உதவி பண்ணினீங்கக்கா."

"அதைக் கேக்கல."

வாரம் முடிவதற்குள் மீதி எண்களையும் அதே முறையில் பார்த்து முடித்தார்கள். ஏறத்தாழ எழுநூற்றைம்பது பேர் ஆளுக்கு ஐந்து அங்குலம் குறைந்தார்கள். அந்தப் பத்தாண்டில் பிறந்த, வளர்ச்சி முடிந்த ஆண்கள் நாலாயிரத்து அறுநூறு பேர் கணக்கில் இருந்தார்கள். முக்கால் அங்குல மேடு அப்படியே இறங்கியது. போர்க்காலத்தில் விதி தளர்ந்ததால் ஒப்பீடு கோணிவிடக்கூடாதே என்று, எல்லா ஆண்டுகளிலும் ஐந்தடி நான்குக்குக் கீழே உள்ளவர்களை ஒதுக்கிவிட்டும் வரைந்து பார்த்தாள். கோடு தரையாகப் போனது. நல்ல விளைச்சலும் வயிறார உண்ட பிள்ளைகளும் அதில் எங்கேயும் இல்லை.

பேராசிரியரிடம் வரைபடத்தைக் கொண்டுபோய் வைத்தாள். வெகுநேரம் பார்த்தார்.

"விளைச்சல் நல்லா இருந்தது உண்மைதானே," என்றார் கடைசியில், தனக்குள் பேசுவது போல.

"இருந்திருக்கலாம் சார். இதுல தெரியல."

"கட்டுரையைத் திரும்பப் பெறணுமா? திருத்தம்னு போட்டா?"

"மேடுதான் கட்டுரை. மேடே இல்லாம எதைத் திருத்துறது?"

அவர் தலையசைத்தார். "உங்க வேலை..."

"தெரியும் சார்."

"என்ன நடந்ததுன்னு எழுத வேண்டியிருக்கும். எண்ணைத் தப்பாப் படிச்சது மட்டும் போதாது. ரெண்டாவது பதிவு எப்படி அதைப் பிடிக்காம விட்டுதுன்னு கேப்பாங்க. நீங்களே எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

அன்று சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். ஒரே பக்கம். கணவன் எதிரே வந்து உட்கார்ந்தான். ஒரு வாரமாக இருவரும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் இரண்டு முறை வந்து, வாசலில் நின்று அண்ணனோடு பேசிவிட்டுப் போயிருந்தான்.

"நீதான் தப்பாப் படிச்சேன்னு ஆயிடுச்சே," என்றான் கணவன். குரலில் குத்தல் இல்லை, ஒருவித ஆறுதல்தான் இருந்தது. "அவன் மேல முழுப் பழியும் இல்லதானே?"

"நான் தப்பாப் படிச்சேன். அதை முதல் வரியிலேயே எழுதியிருக்கேன்."

"அப்புறம்?"

"தப்பாப் படிக்கறவங்களுக்குத்தான் இன்னொரு ஆளை வச்சது. அந்த ஆள் இருக்கான்னு நம்பித்தான் நான் தைரியமாப் படிச்சேன்."

அவன் மேசை விளிம்பை நகத்தால் கீறினான். "தம்பி பேரைப் போட்டிருக்கியா?"

"பேர் போடல. இரண்டாம் பதிவாளர்னு போட்டிருக்கேன்."

அவன் மூச்சுவிட்டான். "நல்லது. நீ நல்லவதான். எனக்குத் தெரியும்." கையை நீட்டி அவளுடைய கையைத் தொட வந்தான். அவள் தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினாள்.

அவன் படித்தான். உதடு அசைய, மெதுவாக. நாலாவது வரியில் நின்றான். அங்கே இப்படி எழுதியிருந்தது: 'முதல் பதிவாளரின் கோப்பு, அவருடைய வீட்டிலிருந்து, அவருடைய கணவரால் வாராவாரம் இரண்டாம் பதிவாளருக்குக் கொடுக்கப்பட்டது.'

"என்னை எதுக்குப் போட்டே?"

"கோப்பு எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க."

"திருடு போச்சுன்னு போடலாமே. தெரியலைன்னு போடலாமே. அவன் பேரை விட்டே, என்னை மட்டும்..."

"அவன் வேறெங்கேயும் வேலைக்குப் போகணும். அதனால விட்டேன்."

"அப்போ நான்?"

அவள் பேனாவை மூடினாள். "பார்த்ததைத்தான் எழுதணும்னு இந்த வாரம் முழுக்கப் படிச்சிட்டு வந்திருக்கேன். இனிமே நினைச்சதை எழுதறதா இல்ல."

அவன் தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான். அவள் அதை மடித்து உறையில் போட்டு, விளிம்பை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினாள்.